துரையின் சாப்பாவும் மூன்று மாதச் சீட்டும்

1978இல் என் அண்ணனின் உபகாரச் சம்பள மனுவுக்காக அப்பா ஒரு நாள் பெரட்டுக்குப் போகவில்லை. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில், பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பெயர் விழவில்லையென்றால் அன்றைய கூலி இல்லை. அம்மா மட்டும் தீம்பாருக்குப் போனார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தகர டப்பாவில் இருந்த தாள்களையெல்லாம் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நின்றார்.

அண்ணனின் பாரத்தில் நிரப்ப வேண்டியவை பல இருந்தாலும் வினை இரண்டு இடத்தில்தான். குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு, அதை உறுதிப்படுத்துபவர் யார் என்பது ஒன்று. பையன் எந்த இனம், அதற்கு ஆதாரம் என்ன என்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் இவை இரண்டுக்கும் தனித்தனிச் சான்றிதழ் உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழ் வாங்கினால் ஓராண்டுக்குச் செல்லும். சாதிச் சான்றிதழை ஒரு முறை வாங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லும். மலேசியாவில் சாதிச் சான்றிதழ் என்று ஒரு தாளே கிடையாது, இனச் சான்றிதழ் என்றும் கிடையாது. 'இந்திய மாணவர்களுக்கு' என்று ஓர் உதவி வந்தால், நாம் இந்தியர் என்று காட்டப் பெரும்பாலும் கேட்பது பிறப்புப் பத்திரத்தைத்தான். அதில் அப்பாவுக்கு எதிரேயும் அம்மாவுக்கு எதிரேயும் 'கெதுருனான்' என்று ஒரு கட்டம் இருக்கும். வம்சாவளி என்று பொருள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நம்முடைய சமூகச் சான்றிதழ். வருமானத்துக்கும் அப்படி ஓர் இலாகா இல்லை. யார் சம்பளம் தருகிறாரோ அவர் சொல்வதுதான் சான்று. அப்பாவுக்குச் சம்பளம் தந்தவர் துரை.

ஆனால் துரை எதையும் எழுதமாட்டார். எழுதுபவர் பெரிய கிராணி. துரை கையெழுத்துப் போட்டு சாப்பா குத்துவார், அவ்வளவே. கிராணியிடம் செக் ரோல் இருந்தது. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார், எந்த நாள் மழையில் வெட்டு நின்றது என்பதெல்லாம் அந்தப் பேரேட்டில் இருக்கும். அந்த ஒரு புத்தகத்தை விரித்தால் எங்கள் வீட்டு ஏழ்மை வரிவரியாகத் தெரியும். இன்றைக்கு ஐந்து இணையதளங்கள் சேர்ந்தும் சொல்ல முடியாத ஒன்றை அன்று ஒரு பேரேடு சொல்லிவிட்டது என்பதை, கிராணிமார் மேல் எனக்குள்ள பழைய கோபத்தையும் மீறி, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. அன்று கிராணி போன மாதத்துச் சம்பளத்தை அப்படியே எடுத்து எழுதிவிட்டார். தோட்டக் கூலியில் ரப்பர் விலைக்கு ஏற்ற ஒரு போனசும் சேர்ந்து வரும் காலம் அது. போன மாதம் மழையில்லாத மாதம், பால் நன்றாக இறங்கியிருந்தது, விலையும் ஏறியிருந்தது. அப்பா, அம்மா, புல் வெட்டப் போன அக்கா, மூவர் சம்பளத்தையும் கூட்டி அவர் எழுதிய தொகை பாரத்தில் குறித்திருந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. துரையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மனு திரும்பி வந்தது. பொய் எதுவும் எழுதவில்லை. அந்த மாதத்தில் அவ்வளவு வந்தது உண்மைதான். ஆனால் பிப்ரவரியில் இலை உதிர்ந்து பால் குறையும்போதும், ஆண்டுக் கடைசியில் மழை விடாமல் அடிக்கும்போதும் வரும் சம்பளம் அதில் பாதியாகக்கூட இருக்கும். பால்மரத் தொழிலாளிக்கு 'மாத வருமானம்' என்று ஒன்று இருந்ததே இல்லை. நாள் கூலியைப் பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால்தான் உண்மை வரும். அடுத்த வருடம் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் வந்து கிராணியிடம் பேசி, 'பன்னிரண்டு மாதச் சராசரி' என்று எழுத வைத்தார். அண்ணனுக்குக் கிடைத்தது.

இனத்துக்கான தாளில் சிக்கல் வேறு மாதிரி. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைகளைக் கிராணியோ, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸரோ சொல்லித்தான் பதிவு செய்வார்கள். கிராமப்புறங்களில் போலீஸ் ஸ்டேஷனிலேயே பிறப்பைப் பதிந்த காலமும் உண்டு. எழுதுபவர் காதில் விழுந்தபடி பெயர் விழும். ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் பத்திரத்தில் தகப்பன் பெயர் மூன்று விதமாக இருக்கும். 'கெதுருனான்' கட்டத்தில் ஒருவருக்குத் 'தமிழ்', இன்னொருவருக்கு 'இந்தியா' என்றிருக்கும். பதிவே செய்யாமல் விட்டவர்களும் உண்டு. என் தாத்தாவின் அடையாளக் கார்டு சிவப்பு, அதாவது நிரந்தரவாசி, குடிமகன் அல்ல. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர் வேலைசெய்ய பெர்மிட் கேட்டபோது, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். அதன் பிறகுதான் தாள் என்றால் என்ன என்று எங்கள் ஜனங்களுக்குப் பயம் வந்தது. அதுவரை டப்பாவில் தாள்களோடு கிடந்தது கரப்பான் பூச்சி முட்டை.

ஆனாலும் அன்று பெயர்ப்பிழை யாரையும் பெரிதாகக் கவிழ்க்கவில்லை. காரணம், மேலே துரையின் சாப்பா இருந்தது. 'இவன் என் தோட்டத்துப் பையன், இவனுடைய தகப்பன் இன்ன நம்பர் வெட்டுக்காரன்' என்று அவர் எழுதிவிட்டால், பெயரின் கடைசியில் ஆங்கில எழுத்து ஒய்யா ஐயா என்று யாரும் பார்க்கவில்லை. ஆளைத் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் மனம் வைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்பது அந்த ஏற்பாட்டின் மறுபக்கம். தொழிற்சங்கத்தில் முன்னால் நின்று பேசிய ஒருவரின் மகனுக்கு அந்தக் கையெழுத்து கிடைக்க மூன்று மாதம் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. பிறகு பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனையாயிற்று, செம்பனை இருந்த இடங்களில் பல வீடமைப்புப் பகுதியாயிற்று. வடக்கே புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக் தோட்டங்களின் ஜனங்கள் வேலை போன பிறகும் வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய கதை பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். குலை வெட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் புஞ்சாக் ஆலம், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கம் மலிவு வீடுகளுக்குப் போய், பேக்டரியிலும் லாரியிலும் பாதுகாவலர் வேலையிலும் சேர்ந்தார்கள். துரை போனார், கிராணி போனார், செக் ரோல் எந்த ஸ்டோரில் கறையான் தின்கிறதோ தெரியாது. 'இவர்களை எனக்குத் தெரியும்' என்று எழுதித் தர ஆளில்லாமல் போனது அப்போதுதான்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பாரம் நிரப்பித் தருகிறேன். பி.டி.பி.டி.என். கடன், மித்ரா உதவி, மாநில அரசின் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி நிதி, கூட்டுறவுச் சங்கங்களின் உபகாரச் சம்பளம் என்று எல்லாம் வரும். போன வருடம் வந்த ஒரு மாணவியின் கதையைச் சொன்னால் இன்றைய நிலைமை முழுவதும் விளங்கிவிடும். பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவள். குறைந்த வருமானக் குடும்பத்து இந்திய மாணவர்களுக்கான ஓர் உதவிக்கு இணையத்தில் அவளே விண்ணப்பித்திருந்தாள். 'தீடாக் லெங்காப்' என்று பதில் வந்திருந்தது. முழுமையாக இல்லை என்று பொருள். அம்மா அழுதுகொண்டே வந்தார்.

"சார், என் பிள்ளைக்கு இல்லைன்னுட்டாங்க சார். நாங்க என்ன பணக்காரங்களா?"

"இல்லைன்னு சொல்லலம்மா. தாள் பத்தலைன்னு சொல்லியிருக்காங்க. அது வேற, இது வேற. முதல்ல உட்காருங்க."

இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனையோ பேர் கைவிட்டுவிடுகிறார்கள். முழுமையாக இல்லை என்றால், பெரும்பாலும் கடைசித் தேதிக்குள் தாளைச் சேர்த்து மறுபடி அனுப்பலாம். தோல்வி என்று வந்தால்தான் மேல்முறையீடு, 'ராயுவான்'. அதற்குத் தனிக் காலக்கெடு உண்டு. அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

முதலில் வருமானம். அம்மா துப்புரவு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார். சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்குகிறார். தோட்டத்தில் மாதச் சம்பளம் 350 வெள்ளி வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டு, 2000களின் தொடக்கத்தில்தான் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கே இந்தத் தொகை ஆச்சரியமாக இருக்கும். பாரத்தில் அவர் எழுதியிருந்தது 1,500. அது கையில் வருவது. சேமநிதிக்குத் தொழிலாளி பங்கான 11 விழுக்காடு 187 ரிங்கிட் போய், சொக்சோ போய், மிச்சம் வருவது. பாரத்தில் கேட்டிருந்ததோ 'பெண்டாபாத்தான் காசார்', அதாவது பிடித்தம் போவதற்கு முன் உள்ள மொத்த வருமானம். மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் 1,700, ஒன்றில் கூடுதல் நேர வேலையோடு 2,090. சராசரி 1,830. பாரத்தில் 1,500, சீட்டில் 1,700க்கு மேல். பார்க்கும் அதிகாரிக்கு இது மறைத்தது போலத்தான் தோன்றும்.

கிராணி செய்த தப்பின் மறுபுறம் இது. அன்று ஒரே மாதத்தை எடுத்து அதிகமாகக் காட்டினார்கள். இன்று பயந்து குறைத்துக் காட்டுகிறார்கள். கூடுதல் நேர வேலை வந்த மாதத்தின் சீட்டை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, பழைய மாதம் ஒன்றைச் சேர்ப்பவர்களும் உண்டு. மூன்றும் அடுத்தடுத்த மாதமாக இல்லாவிட்டால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். சம்பளச் சீட்டுக்கு ஆயுள் பெரும்பாலும் மூன்று மாதம்தான். விண்ணப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கடைசி மூன்று மாதம். பாரத்தை மார்ச்சில் இறக்கி வைத்துவிட்டு ஜூனில் அனுப்பினால், மார்ச்சில் சேர்த்த சீட்டுகள் பழசாகிவிடும். பிறப்புப் பத்திரம் ஒருபோதும் பழசாகாது. வருமானத் தாள் பால் மாதிரி, சீக்கிரம் திரிந்துவிடும்.

அடுத்தது அப்பா. லாரி ஓட்டுகிறார், நடைக்கு இவ்வளவு என்று கையில் காசு. சம்பளச் சீட்டே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டும். அதை யார் கொடுக்கலாம் என்பதை ஒவ்வோர் உதவியும் தன் பாரத்திலேயே சிறிய எழுத்தில் அச்சடித்திருக்கும். பொதுவாக முக்கிமின் பெங்ஹுலு, கிராமத் தலைவர், சிலாங்கூரில் நியமிக்கப்படும் இந்திய சமூகத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர், உயர்நிலை அரசாங்க அதிகாரி என்று போகும். எல்லா உதவியும் எல்லோரையும் ஏற்காது. சத்தியப் பிரமாணக் கமிஷனர் முன் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதும் பிரகடனத்தையும் சில இடங்களில் ஏற்பார்கள். இந்தக் குடும்பம் கொண்டுபோனதோ கோயில் தலைவரின் கடிதம். நல்ல மனிதர். அந்தக் குடும்பத்தை அவருக்கு நாற்பது வருடமாகத் தெரியும். ஆனால் பட்டியலில் அவர் இல்லை. கடிதத்தில் தேதி இல்லை, அடையாளக் கார்டு நம்பர் இல்லை, சாப்பாவில் பதவி இல்லை. வருமானம் 1,200 என்று மட்டும் இருந்தது.

"ஏம்மா 1,200? அவரு அவ்வளவுதான் கொண்டாராரா?"

"ரெண்டாயிரம் வரும் சார். கொறைச்சுப் போட்டாத்தானே கெடைக்கும்னு எல்லாரும் சொன்னாங்க."

இங்கேதான் இந்தக் காலத்து ஆபத்து இருக்கிறது. 2012இல் பிரிம் என்ற பெயரில் குடும்பங்களுக்கு 500 ரிங்கிட் கொடுக்க ஆரம்பித்தார்கள். அது பல பெயர் மாறி, 2023லிருந்து எஸ்.டி.ஆர். என்று நடக்கிறது. வருமானத்தைச் சரிபார்ப்பது வருமான வரி வாரியம். மாதம் 2,500 வரை ஒரு பிரிவு, 5,000 வரை இன்னொரு பிரிவு. இந்தக் குடும்பம் எஸ்.டி.ஆர். வாங்குகிறது. அதற்கு அவர்களே போன வருடம் சொன்ன கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. அதில் வீட்டு வருமானம் 3,500. இப்போது அனுப்பிய பாரத்தில் 1,500யும் 1,200யும் சேர்த்து 2,700. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு துரை வேண்டியதில்லை.

உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று கூட்டிக் காட்டினேன். அம்மா 1,830, அப்பா 2,000. மொத்தம் 3,830. எஸ்.டி.ஆர். வரம்பான 5,000க்குள் வசதியாக உட்காருகிறது. அந்த உதவி கேட்ட வரம்புக்கும் கீழேதான். குறைத்து எழுதியதால் ஒரு காசும் லாபமில்லை, முரண்பாடு மட்டும் மிச்சம். அந்தம்மா வெகுநேரம் பேசவில்லை.

எஸ்.டி.ஆர். ஏற்கப்பட்டது என்று காட்டும் பக்கத்தை அச்செடுத்துச் சேர்த்தால் பல இடங்களில் பாதி வேலை முடிந்துவிடும். பி.டி.பி.டி.என்.னும் கடன் அளவைத் தீர்மானிக்க அந்தப் பதிவைத்தான் பார்க்கிறது. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. எஸ்.டி.ஆர். பதிவில் பிள்ளைகளின் பெயரும் இருக்க வேண்டும். இந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. மறு வாரம் வந்த இன்னொரு பையனின் பெயர் இல்லை. பாட்டி வளர்த்த பிள்ளை அவன், அப்பா வேறு குடும்பம். அந்தக் கதை தனி.

கடிதத்துக்காகப் பெங்ஹுலுவிடம் போனார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஒன்பது முக்கிம்கள் உண்டு. ஈஜோக், ஜெராம், அப்பி அப்பி, தஞ்சோங் காராங் என்று ஒவ்வொன்றும் ஓர் எல்லை. இவர்கள் வீடு இருப்பது ஈஜோக் பக்கம். அப்பாவின் மைகார்டிலோ இன்னும் பழைய தோட்டத்து விலாசம், அது வேறு முக்கிம். தன் எல்லையில் வசிப்பவர் என்று கார்டு சொல்லாத ஒருவருக்குப் பெங்ஹுலு எப்படி எழுதுவார்? தோட்டம் போய்ப் பல வருடமாகியும் எங்கள் ஆட்களில் பலர் கார்டில் லயத்திலேயே குடியிருக்கிறார்கள். வீடு மாறினால் முப்பது நாளுக்குள் பதிவு இலாகாவில் சொல்ல வேண்டும் என்பது விதி. யாரும் செய்வதில்லை. மின்சார பில், வாடகை ஒப்பந்தம் இரண்டையும் காட்டிய பிறகு இந்திய சமூகத் தலைவர் ஒருவர் எழுதித் தந்தார். அந்த உதவியின் பட்டியலில் அவர் இருந்தார் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது ஒன்பது நாளில் ஐந்து போயிருந்தது. மிச்சம் இனம்.

மைகார்டின் முகப்பில் இனம் அச்சிடப்படுவதில்லை. இஸ்லாமியருக்கு மதம் இருக்கும். இனம் சிப்புக்குள் இருக்கும், நகலெடுத்தால் தெரியாது. அதனால்தான் பிறப்புப் பத்திரம். அவள் பத்திரத்தில் அப்பா பெயருக்கும் அவர் கார்டில் உள்ள பெயருக்கும் கடைசி எழுத்து வேறு. 1978இல் துரையின் சாப்பாவுக்குக் கீழே மறைந்துபோன அதே ஒய்யும் ஐயும்தான், இப்போது திரையில் 'தீடாக் செபாடான்' என்று சிவப்பில் நின்றது. பெயர் பொருந்தவில்லையாம். எழுத்து வேறாக இருந்தாலும் அடையாளக் கார்டு நம்பர் இரண்டிலும் ஒன்றுதான். இது போன்ற இடத்தில் உடனடி வழி ஒன்று, நிரந்தர வழி ஒன்று. உடனடியாக, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணக் கமிஷனர் முன் பிரகடனம் எழுதி, பத்திரத்தோடும் கார்டோடும் ஒரே பைலாகச் சேர்ப்பது. நிரந்தரமாக, 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிவு இலாகாவில் பிழைதிருத்தம் கேட்பது. அது ஒன்பது நாளில் நடக்கிற காரியமில்லை. முதல் வழியில் போனோம்.

இதைவிடக் கடினமானது நான் மேலே சொன்ன பையனின் பத்திரம். அப்பாவின் கட்டத்தில் விவரம் கிடைக்கவில்லை என்று மலாயில் அடித்திருந்தார்கள். கோயிலில் தாலி கட்டியவர்கள், மாலை மாற்றியவர்கள், ஊரே சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. ஆனால் பதிவுத் திருமணம் செய்யவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது. பதியாத தம்பதியின் பிள்ளை சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்தது. தகப்பனும் தாயும் சேர்ந்து போய்க் கேட்டாலொழியத் தகப்பன் பெயர் பத்திரத்தில் ஏறாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இனம் அம்மாவிடமிருந்து வரும். அவன் அம்மா இந்தியர், ஆகவே இனத்தில் பிரச்சினை இல்லை. பிரச்சினை வருமானத்தில் வந்தது. பாரத்தில் 'தகப்பன் வருமானம்' என்ற கட்டத்தை அவன் வெறுமையாக விட்டிருந்தான். வெற்றுக் கட்டத்தைக் கணினி ஏழ்மை என்று எடுத்துக்கொள்ளாது, மறதி என்றுதான் எடுத்துக்கொள்ளும். தகப்பன் இறந்திருந்தால் மரணப் பத்திரம், விவாகரத்து என்றால் நீதிமன்றத் தாள், விட்டுப்போய்விட்டார் என்றால் அதைச் சொல்லும் பிரகடனம், பாட்டி வளர்க்கிறார் என்றால் பாதுகாவலர் என்று காட்டும் தாள். எதுவாக இருந்தாலும் கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

பிறப்புப் பத்திரமே இல்லாதவர்களுக்கு இந்தப் பேச்செல்லாம் ஆடம்பரம். 2011இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் இந்தியர்களின் பத்திரமில்லாப் பிரச்சினைக்குத் தனி இயக்கமே நடத்த வேண்டி வந்தது. இன்றும் ஆண்டுக்கு ஒருவராவது அப்படி மண்டபத்துக்கு வருகிறார்கள். அவர்களை உபகாரச் சம்பளப் பாரத்தோடு உட்கார வைக்காமல் நேரே பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போகிறேன்.

வடக்கே சபாக் பெர்ணமிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. மைகார்டு நம்பரின் நடுவில் உள்ள இரண்டு இலக்கம் பிறந்த மாநிலம். சிலாங்கூர் 10, பேராக் 08. சபாக் பெர்ணம் தோட்டங்களில் குடியிருந்து, பிரசவத்துக்கு ஆற்றைக் கடந்து தெலுக் இந்தானுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு 08 என்று விழுந்துவிடும். சிலாங்கூரை விட்டு ஒரு நாளும் வெளியே குடியிருக்காத பிள்ளை, சிலாங்கூர் மாநில உதவிக்கு விண்ணப்பிக்கும்போது பேராக்கில் பிறந்ததாகத் தெரியும். பெற்றோர் சிலாங்கூரில் வாக்காளர் என்று தேர்தல் ஆணையப் பக்கத்தின் அச்சுப்படியைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சேர்க்காதவர்களுக்குப் பதில் வருவதில்லை.

ஒன்றை மட்டும் நல்லபடியாகச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு நகலிலும் உண்மை நகல் என்று 'ஏ' பிரிவு அரசாங்க அதிகாரி சாப்பா குத்த வேண்டும். ஒரு பையன் பன்னிரண்டு நகலோடு மூன்று இலாகா ஏறி இறங்கி, கடைசியில் இடைநிலைப்பள்ளி முதல்வரைப் பிடித்த கதை என் வீட்டிலேயே உண்டு. இப்போது பல இடங்களில் மூலத்தையே படமெடுத்து ஏற்றிவிடலாம். அதனால் நிராகரிப்பும் இடம் மாறிவிட்டது. அட்டையின் பின்பக்கத்தை ஏற்றாமல் விடுவது, போனில் சாய்த்து எடுத்த படத்தில் நம்பர் தெரியாமல் போவது, வங்கிக் கணக்கு அம்மா பெயரில் இருப்பது. இந்தப் பெண்ணுடைய பி.எஸ்.என். கணக்கு ஆறாம் ஆண்டில் திறந்தது. வருடக்கணக்கில் தொடாததால் செயலிழந்து கிடந்தது. எட்டாவது நாள் அதற்கும் வங்கிக்கு ஓடினோம்.

கடைசி நாளன்று சாயங்காலம் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம். அம்மாவின் மூன்று சீட்டு, அப்பாவின் கடிதம் 2,000 என்று, எஸ்.டி.ஆர். பக்கம், பத்திரமும் பிரகடனமும் ஒரே பைலாக. பாரத்தில் 3,830 என்று அவளே தட்டினாள். கை கொஞ்சம் நடுங்கியது. ஐந்து வாரம் கழித்து 'லுலுஸ்' என்று வந்தது.

அவளுடைய தம்பி இந்த வருடம் படிவம் ஐந்து. அடுத்த வருடம் அவனுக்கும் பாரம் வரும். அவன் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். அப்பா பெயரில் கடைசி எழுத்து சரியாக இருக்கிறது. நடுவில் ஓர் எழுத்து இல்லை. போன மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போய் இரண்டு பிள்ளைகளின் பத்திரத்துக்கும் திருத்தம் எழுதிக்கொடுத்துவிட்டு, அப்படியே கார்டில் விலாசத்தையும் மாற்றினோம். பழைய தோட்டத்தின் பெயர் கார்டிலிருந்து போனதும் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொர இருந்தா இதெல்லாம் வேணாம் சார்" என்றார். அவர் பிறந்தபோதே அந்தத் துரை கப்பலேறிவிட்டார் என்று நான் சொல்லவில்லை.